கடவுள் போல வந்தவர் என்ன செய்தார்?

வணக்கம். போன வாரம் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு உதவினார். அதை எழுதிப் போட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தங்கையிடம் காட்டினேன். "சீரியல் வசனம் மாதிரி இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டாள். எனக்கே படிக்கும்போது பொய் சொல்வது போல இருக்கிறது. ஆனால் நடந்தது உண்மை, என் நன்றியும் உண்மை. எங்கே கெட்டுப்போனது? நான் எழுதியது இதுதான்:

"மனிதம் இன்னும் சாகவில்லை! என் வாழ்வில் என்றுமே மறக்க முடியாத நாள் அது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மிகவும் பதற்றமான சூழ்நிலை. என்ன செய்வதென்றே தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, கடவுள் போல வந்தார் ஒரு மாமனிதர். தன்னலம் பாராமல் அவர் செய்த பேருதவியை என்னவென்று சொல்வது! கண்கள் குளமாகின. நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை. இப்படிப்பட்ட நல்ல உள்ளங்கள் இருப்பதால்தான் இன்னும் மழை பெய்கிறது. ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் நூறாண்டு நலமாக வாழ வேண்டும்!"

- ஒரு வாசகர்

வணக்கம் தம்பி.

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை முடித்த பிறகும் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 10 வாக்கியம். கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் அதில் இரண்டுதான் இருக்கிறது: நீங்கள் அம்மாவைக் கூட்டிப் போனீர்கள், ஒருவர் வந்தார். மீதி எல்லாமே உங்கள் மனநிலை, இல்லையென்றால் உலகத்தைப் பற்றிய கருத்து. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதி, "அவர் செய்த உதவி என்ன, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டேன். நீங்கள் அனுப்பிய பதிலின் முதல் வரி, "பெரிதாக ஒன்றுமில்லைங்க" என்று ஆரம்பித்தது. பை கிழிந்து ரிப்போர்ட் எல்லாம் கீழே கொட்டிவிட்டது, அவர் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கே கெட்டுப்போனது என்று கேட்டீர்களே, இங்கேதான். அந்த "பெரிதாக ஒன்றுமில்லை"யில். காகிதம் பொறுக்கிக் கொடுத்ததை எழுதினால் படிப்பவர்கள் 'இதற்கா இவ்வளவு' என்று நினைத்துவிடுவார்களோ என்று உங்களுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. அதனால் செய்ததை மறைத்துவிட்டு அதன் மேல் பெரிய சொற்களைப் போர்த்திவிட்டீர்கள். உதவி பேருதவி ஆனது, மனிதர் மாமனிதர் ஆனார், அதுவும் போதாமல் கடவுள் ஆனார். இப்படிப்பட்ட அனுபவக் கட்டுரைகளைத் திருத்துவதுதான் பல வருடமாக என் வேலை. திகட்டும் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் நான் பார்ப்பது இந்தப் பயத்தைத்தான். நன்றி அதிகமாக இருப்பதால் அவை திகட்டுவதில்லை. செய்த காரியம் சின்னது என்று எழுதுகிறவரே சந்தேகப்படுவதால் திகட்டுகிறது. படிப்பவருக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொள்கிறது, ஏனென்றால் சீர்தூக்கிப் பார்க்க அவர் கையில் எதுவுமே கொடுக்கப்படவில்லை.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சின்னக் காரியத்தை அதன் உண்மையான அளவிலேயே வைத்துவிட்டு, அது ஏன் உங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் காட்டுவது. இதற்காகத்தான் அடுத்த கடிதத்தில் உங்களை அவ்வளவு துருவினேன். பை கிழிந்தபோது நீங்களே ஏன் குனிந்து பொறுக்கவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், நான் குனிந்தால் சரிந்துவிடுவார்" என்று எழுதினீர்கள். பாருங்கள், "மிகவும் பதற்றமான சூழ்நிலை" என்ற மூன்று சொல்லால் முடியாததை இந்த ஒரு தகவல் செய்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது, உங்கள் முறை வரப்போகிறது, உங்களால் அசைய முடியாது. இப்போது யாராவது குனிந்து ஒரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தால்கூட அது பெரிய உதவிதான், நீங்கள் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவதாக நான் கேட்டது, அவர் செய்ததில் எது அவசியமே இல்லாதது என்று. இந்தக் கேள்வி உங்களுக்கு விநோதமாகப் பட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒருவர் உதவுகிறார் என்றால் அதில் ஒரு பகுதி யாராக இருந்தாலும் செய்யக்கூடியது. கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பது அப்படி. சுற்றியிருந்த பத்துப் பேரில் நாலு பேராவது செய்திருப்பார்கள். அதற்கு மேல் அவர் ஏதாவது செய்திருந்தால், யாரும் எதிர்பார்க்காத, செய்யாவிட்டால் யாருமே குறை சொல்ல முடியாத ஏதாவது ஒன்று, அங்கேதான் அந்த மனிதர் இருக்கிறார். உங்கள் கதையில் அது, அவர் பொறுக்கியதை அப்படியே கையில் திணித்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் தேதியைத் தேடி அடுக்கியது. "புதுசு மேல இருக்கட்டும், அதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்று சொன்னாராமே. அந்த ஒரு வரியில் அவர் எத்தனை முறை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்துவிடுகிறது. நீங்கள் அதை விளக்கக் கூடாது. "அவரும் பல துன்பங்களைக் கடந்து வந்தவராக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால், படிப்பவர் தானே கண்டுபிடிக்க இருந்ததை அவரிடமிருந்து பிடுங்கிவிடுவீர்கள்.

அப்புறம் அந்தக் கிளிப். உங்கள் இரண்டாவது கடிதத்தில் அது ஏதோ போகிற போக்கில் கடைசியில் வந்தது: "அவருடைய கிளிப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்." அவருடைய கிளிப்பா? எங்கிருந்து எடுத்தார்? அவருடைய சொந்த ரிப்போர்ட்டுகளில் போட்டிருந்ததைக் கழற்றிப் போட்டிருக்கிறார். உங்களுக்கு அது அப்போது தெரியவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அவர் தன் காகிதங்களை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. தம்பி, இதை நீங்கள் முதல் பதிவில் எழுதவே இல்லை! "தன்னலம் பாராமல்" என்று எழுதியிருந்தீர்கள். "தன்னலம் பாராமல்" என்பது இந்தக் காட்சிக்கு நீங்கள் வைத்த பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். சீட்டை ஒட்டிவிட்டுக் காட்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள்.

உங்களுக்கே பொய் போல இருந்தது என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்கு ஒரு நேரடியான காரணம் இருக்கிறது. "கண்கள் குளமாகின" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அழுதீர்களா என்று கேட்டேன். "அங்கே அழவில்லை. ராத்திரி வீட்டில் பைலைப் பிரித்து அந்தக் கிளிப்பைப் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது" என்றீர்கள். அப்படியென்றால் அது பொய்தான், சின்னப் பொய். இப்படிப்பட்ட பதிவுகளில் இந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அந்த வழக்கம் உங்கள் கையைப் பிடித்து எழுதிவிட்டது. உங்கள் தங்கை சீரியல் வசனம் என்று சொன்னதும் இதைத்தான். இந்த மாதிரித் தொடர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உங்கள் பதிவிலிருந்து அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி, வேறு ஒருவர் வேறு எதற்காகவோ எழுதிய பதிவில் ஒட்டிப் பாருங்கள். நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்டால் அது உங்களுடையது இல்லை. "மனிதம் இன்னும் சாகவில்லை", "நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை", மழை பெய்கிற வரி, மூன்றும் எங்கே வைத்தாலும் ஒட்டும். "புதுசு மேல இருக்கட்டும்" எங்கேயும் ஒட்டாது.

எழுத்துத் தமிழ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் நெகிழ்ந்துபோனால் உடனே நம் தமிழ் மேடை ஏறிவிடுகிறது. எனக்குக் கடிதம் எழுதும்போது "கூட்டிப் போயிருந்தேன்" என்று எழுதுகிற நீங்கள், பதிவில் "அழைத்துச் சென்றிருந்தேன்" என்று மாறிவிட்டீர்கள். தப்பில்லை, ஆனால் அந்த ஒரு படி ஏறியதும் "மாமனிதர்", "நல்ல உள்ளங்கள்" எல்லாம் பின்னாலேயே ஏறி வந்துவிட்டன. கடிதத்தில் எழுதிய அதே தமிழில் பதிவையும் எழுதுங்கள். முக்கியமாக அவர் பேசியதைத் திருத்தாதீர்கள். "நீங்கள் தாயாரைக் கவனியுங்கள், நான் இவற்றைச் சேகரிக்கிறேன்" என்று அவர் வாயில் போட்டால் அந்த நிமிடமே அவர் நாடக நடிகர் ஆகிவிடுவார். அவர் சொன்னது "நீங்க அம்மாவப் புடிச்சுக்குங்க." அது அப்படியே இருக்கட்டும். சொன்ன சொல் சரியாக நினைவில்லை என்றால் மேற்கோள் குறி போடாமல், அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று எழுதிவிடுங்கள்.

சட்டை நிறம் ஞாபகம் இல்லை, நீலம் என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். துல்லியமாக எழுதச் சொல்கிறார்கள் என்றால் எதையாவது வைத்து நிரப்பச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்தப் பதற்றத்தில் உங்கள் கண் எதைப் பார்த்ததோ அதுதான் உங்கள் துல்லியம். முகம் நினைவில்லை, ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கிட்டத்தில் பிடித்துத் தேதியைத் தேடியது நினைவிருக்கிறது என்றீர்கள். போதும். இல்லாத நீலச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டால், அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு மறுபடி அந்தப் பொய் உணர்வு வரும்.

இனி நன்றி. இதில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றியை மொத்தமாக எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நன்றி சொல்லும் வாக்கியங்களில் இரண்டு விதம் உண்டு. எனக்கு என்ன கிடைத்தது, எனக்கு எப்படி இருந்தது என்று சொல்வது ஒன்று. அவர் எப்படிப்பட்டவர், அவர் செய்ததில் எது சிறப்பு என்று சொல்வது இன்னொன்று. அமெரிக்காவில் சாரா ஆல்கோ என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2016இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜோடிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைக் கவனித்து, இந்த இரண்டு விதத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நன்றி சொல்லப்பட்டவருடைய மனதைத் தொட்டது இரண்டாவது விதம்தான், எனக்கு நல்லது நடந்தது என்று சொல்கிற முதல் விதத்துக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அது நெருங்கிய உறவில் நேருக்கு நேர் சொல்லும் நன்றி, உங்களுடையது முன்பின் தெரியாதவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது, அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் பார்ப்பதும் இதையேதான். உங்கள் பதிவில் தவித்தது நீங்கள், கண் குளமானது உங்களுக்கு, வார்த்தை கிடைக்காததும் உங்களுக்கு. அவரைப் பற்றி அவருக்கே உரியதாக ஒரு சொல் இல்லை. நன்றிப் பதிவில் நன்றிக்குரியவர்தான் காணாமல் போயிருக்கிறார்.

அதனால் நன்றிக்கு ஒரே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். அது அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். உங்கள் கடிதத்திலேயே இருந்தது அது: "எனக்கு அவ்வளவு பொறுமை வந்திருக்குமா என்று தெரியவில்லை." இதைவிட நல்ல நன்றி நான் எழுதித் தர முடியாது. அந்த வாக்கியம் எங்கே வர வேண்டும் என்பதும் முக்கியம். முதலிலேயே வந்தால் படிப்பவர் ஒப்புக்கொள்ளக் காரணம் இருக்காது. கிளிப்பின் கதை தெரிந்த பிறகு வந்தால், படிப்பவர் ஏற்கெனவே அங்கே வந்து நின்றுகொண்டிருப்பார்.

"ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும்" என்ற வரியை நான் எடுத்துவிடுவேன். அவர் அதைப் படிக்கப் போவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். அவரைக் கூப்பிடுவது போல எழுதினாலும் உண்மையில் மற்றவர்கள் பார்க்கத்தான் கூப்பிடுகிறோம், அந்த இடத்தில்தான் குரல் கொஞ்சம் சத்தமாகிவிடுகிறது. அவருக்கு நன்றி சொன்னீர்களா என்று கேட்டபோது, இல்லை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்றும், வெளியே வந்தபோது அவர் உள்ளே போய்விட்டார் என்றும், அம்மா நிற்க முடியாததால் காத்திருக்கவும் முடியவில்லை என்றும் எழுதினீர்கள். அதை எழுதுங்கள். சொல்லாமல் போன நன்றியைச் சொல்லாமல் போனதாகவே எழுதினால் அது வாழ்த்தைவிட அதிகமாகக் கனக்கும்.

எதிர்ப்பக்கம் போய் விழுவதும் நடக்கும். உங்கள் விவரங்களை வைத்து நான் முதலில் எழுதிப் பார்த்தது இப்படி வந்தது: "பை கிழிந்து ஆவணங்கள் தரையில் விழுந்தன. எதிரே இருந்த ஒருவர் அவற்றை எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, கிளிப் போட்டுக் கொடுத்தார். பின்னர் மருத்துவரைச் சந்தித்தோம்." ஒரு சர்க்கரைகூட இல்லை, எல்லாமே உண்மை, ஆனால் சம்பவ அறிக்கை போல ஆகிவிட்டது. என்ன குறை என்று பார்த்தால், மூன்று நாலு செயலை ஒரே வாக்கியத்தில் சுருட்டிவிட்டேன். அவர் பத்து நிமிடம் செலவழித்த இடத்தை நான் ஒரு நொடியில் தாண்டிவிட்டேன். அவர் எங்கே மெதுவாகச் செய்தாரோ அங்கே எழுத்தும் மெதுவாகப் போக வேண்டும். தேதியைத் தேடியதற்கு ஒரு வாக்கியம் தனியாக, அவர் சொன்னதற்குத் தனியாக, கிளிப்புக்குத் தனியாக. டாக்டர் அறையை மட்டும் ஒரே தாவாகத் தாண்டிவிடலாம், அங்கே நமக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்தான்.

இதையெல்லாம் வைத்துத் திரும்ப எழுதியது கீழே இருக்கிறது. முடிந்தவரை உங்கள் கடிதங்களில் இருந்த சொற்களையே எடுத்திருக்கிறேன்.

"எங்கள் முறை வரப்போகிற நேரத்தில் பை கிழிந்தது. மூன்று வருட ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் தரையில் கொட்டிவிட்டன. அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் குனிந்தால் அவர் சரிந்துவிடுவார். கொட்டிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஒரு முட்டியை ஊன்றிக் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். 'நீங்க அம்மாவப் புடிச்சுக்குங்க' என்றார். பொறுக்கியதை அப்படியே கொடுத்திருந்தாலே எனக்குப் போதும். அவர் கொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துத் தேதியைத் தேடினார். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். 'புதுசு மேல இருக்கட்டும். அதத்தான் மொதல்ல கேப்பாங்க.' அப்புறம் ஒரு கறுப்புக் கிளிப்பைப் போட்டு என் மடியில் வைத்தார். எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் போன மாத ரத்தப் பரிசோதனையைக் கேட்டார். மேலிருந்து இரண்டாவது தாள். எடுத்துக் கொடுத்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது அடுத்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தன் ரிப்போர்ட்டுகளை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு தாள் நழுவப் பார்த்தது, தாடையால் அழுத்திக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கிளிப் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

யாரென்றே தெரியாத ஒருவருக்காக உட்கார்ந்து தேதி பார்த்து அடுக்குகிற அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை. அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. கதவு மூடிவிட்டது, அம்மாவால் நிற்க முடியவில்லை, வந்துவிட்டோம். கிளிப் அம்மாவின் பைலில்தான் இருக்கிறது."

சிலவற்றை ஏன் இப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். "பெரியவர்" என்று மட்டும் இருக்கிறது, "அன்பான பெரியவர்" என்று இல்லை. அன்பு முட்டியை ஊன்றியதிலேயே வந்துவிட்டது, அந்த வயதில் தரையில் உட்கார்ந்து எழுவது லேசான காரியம் இல்லை. தாள் நழுவியதும் தாடையும் உங்கள் மூன்றாவது கடிதத்தில் இருந்தவை. "இதெல்லாம் தேவையா என்று தெரியவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். தேவை, எல்லாவற்றையும்விட அதுதான் தேவை. அவர் விட்டுக்கொடுத்தது ஒரு சின்னக் கிளிப், ஆனால் அதைக் கொடுத்ததால் அவருக்கு ஒரு சின்னச் சிரமம் வந்தது, அந்தச் சிரமத்தை நம் கண்ணால் பார்க்கிறோம். "அவர் இல்லையென்றால் என் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும்" என்கிற மாதிரி எதையும் நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டர் இரண்டு நிமிடம் காத்திருப்பார், நீங்கள் தடுமாறித் தேடியிருப்பீர்கள். அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் அவர் உங்களைக் காப்பாற்றினார். "மேலிருந்து இரண்டாவது தாள்" என்பதற்கு மேல் அதைப் பெரிதாக்க வேண்டாம்.

கிளிப்பை என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு வரும். "இனி வாழ்நாள் முழுவதும் அதைப் பொக்கிஷமாகப் பாதுகாப்பேன்" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். பைலில் இருக்கிறது என்பதோடு நிறுத்துங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போதும் அது அங்கேதான் இருக்கும், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மறுபடி அது பேருதவி ஆகிவிடும். படம் எடுத்துப் போடுவதாக இருந்தாலும் கவனம், அடியில் இருக்கும் தாளில் அம்மாவின் பெயரும் நோய் விவரமும் தெரியும்.

அவரைப் பற்றியும் அதே கவனம் வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எத்தனை மணி என்று நீங்கள் எனக்கு எழுதிய எதையும் பதிவில் போடவில்லை. அவருக்கு என்ன நோய் என்று ஊகிக்க ஒரு பிரிவின் பெயரே போதும். வேறு ஒரு வாசகர் இப்படித்தான், தனக்கு உதவிய பெண்மணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் படத்தையே போட்டுவிட்டார். கண்டுபிடித்தும் விட்டார்கள். அந்தப் பெண்மணி அன்று வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கும் சொல்லாமல் அந்த ஊருக்கு வந்திருந்தவர். செய்த நல்லதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நன்றி சொல்லப் போய் ஒருவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதில் நான் அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறேன். படிப்பவர்கள் "யார் அவர், எந்த ஆஸ்பத்திரி" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அவர் யார் என்பது உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

போடுவதற்கு முன் ஒரு நாள் விட்டு, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே உங்கள் குரல் தானாக மேலே ஏறுகிறதோ, மேடைப் பேச்சு போல இழுக்கிறதோ, அந்த இடத்தில் ஏதோ ஒரு சொல் தன் அளவுக்கு மீறி இருக்கிறது. நான் எழுதியதிலும் அப்படி ஓர் இடம் இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருப்பது "நெஞ்சோடு சேர்த்து" என்ற இடம். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் "நெஞ்சில் அழுத்தி" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அது அவருடைய ரிப்போர்ட்டும்கூட, அவர் வேண்டாம் என்றால் போடக் கூடாது. கண்ணை மூடியிருந்தார் என்று நாம் எழுதியிருக்கிறோம், ஆனால் கண்ணை மூடியிருப்பவர்களுக்குக் காது கேட்கும். அந்தப் பெரியவர் வேறு ஏதாவது சொன்னதாக அம்மாவுக்கு நினைவிருந்தால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எனக்கும் அனுப்புங்கள்.